‘கே’யா, ‘ஜி’யா?

வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் அந்த முதியவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மஞ்சப்பையில் ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக். முதியோர் உதவித்தொகை மனு திரும்பி வந்துவிட்டது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். காரணம் குறுஞ்செய்தியாகவே அவருடைய கைப்பேசிக்கு வந்து கிடந்தது. படித்துச் சொல்லத்தான் ஆளில்லை.

பிரிவு எழுத்தர் நான்கையும் மேசையில் பரப்பினார். ஒரே எழுத்தில்தான் சிக்கல். அப்பா பெயர் குப்புசாமி. தமிழில் ‘கு’ என்ற தலைப்பெழுத்தை ஆதாரில் ஆங்கில ‘கே’ என்று போட்டிருந்தார்கள். பாஸ்புக்கில் அதுவே ‘ஜி’.

“ஆதாரை மாத்தணும்னு சொன்னாங்க, தம்பி.”

“வேண்டாங்கய்யா. மாத்தினா ரேஷன் கார்டும் ஓட்டு அட்டையும் பொருந்தாமப் போயிடும். தப்பு பேங்க்ல. அங்கேயே திருத்திக்கலாம்.”

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். மூன்று ஆவணங்கள் ஒத்திருந்து ஒன்று மட்டும் முரண்பட்டால், அந்த ஒன்றைத் திருத்துவதே சுலபம். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டே வாய்ப்புதான். அதை வீணாக்கக் கூடாது.

பாஸ்புக்கைப் புரட்டிய எழுத்தர் இன்னொன்றையும் கவனித்தார். கடைசி வரவு, பழைய பயிர் நிவாரணம். அதன் பிறகு பணம் போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாவிட்டால் வங்கி அந்தக் கணக்கைச் செயல்படாத கணக்காக ஒதுக்கிவிடும். பெயரை மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால், உத்தரவு கிடைத்த பிறகும் பணத்துக்காக முதியவர் அலைய நேர்ந்திருக்கும்.

உணவு இடைவேளையில் எழுத்தரே வங்கிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்: பெயரைத் திருத்த வேண்டும், கணக்கை உயிர்ப்பிக்க வேண்டும், ஆதார் நகல் இணைப்பு. எழுதி முடித்ததும் முதியவர் பெருவிரலை நீட்டிவிட்டார்.

“இருங்கய்யா. என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டு அப்புறம் வைங்க.”

வரி வரியாகப் படித்துக் காட்டினார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் மை அதிகமானால் ரேகை வெறும் கறையாகிவிடும். துணியால் துடைத்து, மையை லேசாகத் தொட்டு, இடது பெருவிரலை மெதுவாகப் பதிய வைத்தார். பக்கத்தில் சாட்சியாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

வங்கியில் வேலை முடிந்ததும் இ-சேவை மையத்தில் மீண்டும் மனு. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு தனி வட்டாட்சியர் உத்தரவு போட்டார். மாதம் 1,200 ரூபாய்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருந்தால், அவருடைய கைப்பேசிக் குறுஞ்செய்திகளை ஒருமுறை படித்துச் சொல்லுங்கள். பாஸ்புக்கில் கடைசி வரவு எப்போது, பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். முடங்கிய கணக்கை மீண்டும் இயக்க வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் விதி அது.