அரிசி மா ஆலையின் கணக்கு: நட்டம் நீங்கும் எல்லையும் வரிக்குப்பின் எஞ்சும் இலாபமும்

நெல்லை நெல்லாகவே விற்பதிலும், அரிசியாக்கி, மாவாக்கி, வறுத்துப் பொதி செய்து விற்பதிலே கூடிய பணம் கிடைக்கும் என்பதைக் கமக்காரர் அறிவர். ஆனால் ஆலையொன்றை அமைத்தவர்கள், வியாபாரம் நன்கு நடந்தும் வங்கித் தவணையைக் கட்ட இயலாது இடர்ப்படுதல் உண்டு. எவ்வளவு விற்றால் நட்டம் நீங்கும், எவ்வளவு விற்றால் வரி போக வேண்டிய பணம் எஞ்சும் என்னும் இரு வினாக்களையும் ஒன்றெனக் கருதுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

எட்டுக் கமக்காரர் கூடி ஒரு கம்பனியைப் பதிவுசெய்து, சிவப்பரிசி மா ஆலையொன்றை அமைக்கின்றனர் என்று கொள்ளலாம். கீழ்வரும் விலைகளும் செலவுகளும் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் விலைகளை இட்டுக் கணித்தல் வேண்டும்.

இருவகைச் செலவுகள்

ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுக்க வேண்டியவை நிலையான செலவுகள். இக்கம்பனிக்கு ஓராண்டில் கட்டட வாடகை 3,60,000 ரூபா; ஊழியர் சேமலாப நிதிப் பணத்துடன் நிரந்தர வேலையாட்களின் சம்பளம் 12,00,000 ரூபா; வங்கி வட்டி 3,60,000 ரூபா; இயந்திரங்களின் பெறுமானத் தேய்வு 3,00,000 ரூபா; காப்புறுதி முதலியன 1,80,000 ரூபா. ஆகமொத்தம் 24,00,000 ரூபா. ஆலையில் வேலை செய்யும் பங்காளர் தம் கூலியையும் சம்பளத்தில் சேர்த்தல் வேண்டும். அதனை விட்டுவிட்டால், அவர்களுடைய உழைப்பே இலாபம்போலத் தோன்றும்.

மா அரைக்கும் அளவுக்கேற்பக் கூடிக் குறைபவை மாறும் செலவுகள். ஒரு கிலோ மாவுக்கு வேண்டிய அரிசி 240 ரூபா; மின்சாரமும் விறகும் 30 ரூபா; பொதியுறை 15 ரூபா; ஏற்றுகூலியும் கடைக்காரர் கழிவும் 35 ரூபா. மொத்தம் 320 ரூபா. தம் வயல் அரிசியாயினும் அதற்குச் சந்தை விலையையே இடுதல் முறை. ஏனெனில் அதனை அவ்விலைக்கு விற்றிருக்கலாம்.

நட்டம் நீங்கும் எல்லை

ஒரு கிலோ மாவின் விலை 400 ரூபா. அதில் மாறும் செலவு 320 ரூபா போக, 80 ரூபா எஞ்சுகிறது. இதனைப் பங்களிப்பு என்பர். இந்த 80 ரூபா உடனே இலாபமாகிவிடாது. முதலில் அது நிலையான செலவை அடைத்தல் வேண்டும். 24,00,000 ரூபாவை 80 ஆற் பிரித்தால் 30,000 கிலோ வரும். இதுவே இலாபமும் நட்டமும் அற்ற விற்பனை. இதன் பெறுமதி 1,20,00,000 ரூபா.

இந்த எல்லையில் இலாபமில்லை. ஆகவே வருமான வரியுமில்லை. இக்காரணத்தால், வரி வீதம் எதுவாயினும் இவ்வெல்லை அசைவதில்லை. இலங்கையிற் கம்பனிகளுக்கான பொது வரி வீதம் 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் நூற்றுக்கு 24 இலிருந்து 30 ஆக உயர்ந்தபோதும், இத்தகைய ஆலையின் எல்லை 30,000 கிலோவாகவே இருந்திருக்கும். எல்லையைக் கடந்த பின்னரே வரி பங்கு கேட்கிறது.

வரிக்குப்பின் எவ்வளவு வேண்டும்?

கம்பனி ஆண்டுதோறும் வங்கிக்கு வட்டியுடன் 7,20,000 ரூபா முதலையும் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். வட்டி செலவுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. முதல் செலவன்று, அது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதேயாகும். எனவே அதற்காக வரியிற் கழிவு கிடையாது. வரி கட்டிய பின் எஞ்சும் பணத்திலிருந்தே அதனைக் கட்டுதல் வேண்டும்.

பெறுமானத் தேய்வாகக் கணக்கில் எழுதிய 3,00,000 ரூபா அவ்வாண்டிற் கையைவிட்டுப் போவதில்லை. அது முதலைக் கட்ட உதவும். மிகுதி 4,20,000 ரூபா வரிக்குப்பின் இலாபமாக எஞ்சவேண்டும். ஆனால் இவ்வாறு செய்யுமிடத்து, தேய்ந்த இயந்திரத்தை மாற்றுவதற்குப் பணம் சேராது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வரி வீதம் நூற்றுக்கு 30 ஆயின், இலாபத்தின் ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70 ரூபாவே கம்பனிக்கு மிஞ்சும். ஆகவே 4,20,000 ரூபாவை 70 ஆற் பிரித்து 100 ஆற் பெருக்குதல் வேண்டும். விடை 6,00,000 ரூபா. இதுவே வரிக்கு முன் வேண்டிய இலாபம். இதனுடன் நிலையான செலவைக் கூட்ட 30,00,000 ரூபா. இதனை 80 ஆற் பிரித்தால் 37,500 கிலோ. விற்பனைப் பெறுமதி 1,50,00,000 ரூபா.

வரியை மறந்து, 24,00,000 ரூபாவுடன் 4,20,000 ரூபாவை மட்டும் கூட்டியவர் 35,250 கிலோ போதுமென்பார். ஆண்டு முடிவில் 1,26,000 ரூபா வரியாகச் செல்ல, தவணைக்கு அதே தொகை குறையும். வேறொருவர் 4,20,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 30 கூட்டி 5,46,000 ரூபா என எழுதுவார். இதுவும் பிழை. வரி 5,46,000 ரூபா முழுவதற்கும் விழுவதால், எஞ்சுவது 3,82,200 ரூபா. 37,800 ரூபா குறையும். கூட்டுதலன்று, 70 ஆற் பிரித்தலே சரியான வழி.

ஆண்டின் எந்நாளில் இலாபம் தொடங்கும்?

37,500 கிலோ ஆண்டு முழுவதும் சீராக விற்பனையாகுமாயின், மாதத்துக்கு 3,125 கிலோ. கணக்காண்டு ஏப்பிரிலில் தொடங்குவதாகக் கொண்டால், டிசெம்பர் முடிவில் 28,125 கிலோ விற்றிருக்கும். 30,000 கிலோவை அடைவது தைப்பொங்கல் கழிந்த சில நாட்களிலேயே. அதுவரை வந்த பங்களிப்பு முழுவதும் நிலையான செலவுக்கே உரியது. ஆகையால் ஐப்பசியிற் பெட்டியிற் பணம் நிறைந்திருப்பதைக் கண்டு அதனைப் பங்கிட்டுக்கொள்வது தவறாகும். மாத முடிவில், விற்ற கிலோக்களின் மொத்தத்தை 30,000 உடன் ஒப்பிட்டுச் சுவரில் எழுதி வைத்தால், ஆலை எங்கு நிற்கிறதென்பது எல்லோருக்கும் தெரியும்.

விலை குறைக்குமுன்

கடைக்காரர் கிலோவுக்கு 10 ரூபா குறைக்கும்படி கேட்டால், அது சிறு தொகையாகத் தோன்றும். ஆனால் பங்களிப்பு 80 இலிருந்து 70 ஆகிறது. நட்டம் நீங்கும் எல்லை ஏறத்தாழ 34,286 கிலோவாகவும், தவணைக்கு வேண்டிய விற்பனை 42,857 கிலோவாகவும் உயரும். வறுக்கும் சட்டி நாளொன்றுக்கு 150 கிலோவே வறுக்குமாயின், மாதம் 25 நாட்களாக ஆண்டுக்கு 45,000 கிலோவுக்கு மேல் இயலாது. மின்வெட்டும் இயந்திரப் பழுதும் சேர்ந்து பதினைந்து நாட்கள் வேலை நின்றாலே குறித்த அளவு கைகூடாது. இத்தகைய நிலையில் விலைக்குறைப்புக்கு இணங்கலாகாது.

இக்கணக்கு ஒரே வரி வீதமுள்ள கம்பனிக்கே பொருந்தும். தனியாளாக ஆலை நடத்துபவருக்கு வரி படிப்படியாக உயர்வதால், ஒவ்வொரு படிக்கும் வேறாகக் கணித்தல் வேண்டும். மேலும், இங்கு கணக்கேட்டுத் தேய்வும் வரிச் சட்டம் அனுமதிக்கும் கழிவும் ஒன்றெனக் கொள்ளப்பட்டன. உண்மையில் அவை வேறுபடலாம். அவ்வாண்டுக்குரிய வீதத்தையும் கழிவையும் உள்நாட்டு இறைவரித் திணைக்கள அலுவலகத்திற் கேட்டறிந்து, கடன் பத்திரத்திற் கையொப்பமிடுமுன்னரே இக்கணக்கைச் செய்து பார்த்தல் நன்று.