முழங்கால் முறித்த ஆட்டம், மேனேஜரான கிளஃப்

1962 டிசம்பர் 26. இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லேண்டின் ரோக்கர் பார்க் மைதானம் கடுங்குளிரில் இறுகிக் கிடந்தது. எதிரணியான பரியின் கோலை நோக்கிப் பந்தைத் துரத்திப் போன பிரையன் கிளஃப், அதே பந்துக்குப் பாய்ந்து வந்த கோல்கீப்பர் மீது மோதி விழுந்தார். எழ முடியவில்லை. வலது முழங்காலின் தசைநார்கள் கிழிந்திருந்தன.

அப்போது அவருக்கு வயது 27. அந்த சீசனில் மட்டும் 24 லீக் ஆட்டங்களில் 24 கோல் அடித்திருந்தார். இன்று இத்தகைய காயத்துக்கு நுண்துளை அறுவை சிகிச்சையில் புதிய தசைநார் பொருத்தி, படிப்படியான பயிற்சி கொடுத்து, பெரும்பாலான வீரர்களை ஓராண்டுக்குள் களத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அந்த வசதி இல்லை. காலை மாவுக்கட்டில் நீண்ட நாள் அசையாமல் வைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது தொடை மெலிந்திருக்கும், மூட்டு இறுகியிருக்கும். கிழிந்த தசைநார் மட்டும் பழைய உறுதிக்குத் திரும்பியிருக்காது. நேராக ஓடும்போது பெரிதாகத் தெரியாத இந்தக் குறை, சட்டென்று திரும்பும்போது வெளிப்படும். கோல் அடிப்பவரின் பிழைப்போ அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. 1964 செப்டம்பரில் கிளஃப் திரும்பி வந்து மூன்று ஆட்டங்கள் ஆடினார். ஒரு கோலும் அடித்தார். பழைய வேகம் வரவில்லை. அதோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. கணக்கில் நின்றவை 274 லீக் ஆட்டங்களும் 251 கோல்களும்.

வேலையில்லாமல் நின்றவரிடம், சண்டர்லேண்டின் மேனேஜர் ஜார்ஜ் ஹார்ட்விக் இளைஞர் அணியை ஒப்படைத்தார். அந்நாளில் பயிற்சி என்றால் பெரும்பாலும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதுதான். கிளஃப் அதைக் குறைத்தார். ஆளுக்கு ஐந்து பேராகப் பிரித்துச் சின்னச் சின்ன ஆட்டங்கள் ஆடவிட்டார், பையன்களின் காலில் எப்போதும் பந்து இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அந்த அணி இளைஞர்களுக்கான எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி வரை போனது. தன் காலால் இனிச் செய்ய முடியாததை இன்னொருவர் காலால் செய்யவைக்க முடியும் என்று அவர் அங்கேதான் கண்டுகொண்டார்.

ஆனால் ஹார்ட்விக் வெளியேற்றப்பட்டபோது கிளஃபின் வேலையும் போனது. 1965 அக்டோபரில், 30 வயதில், நான்காம் டிவிஷனின் அடிவாரத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த ஹார்ட்டில்பூல்ஸ் கிளப்பின் மேனேஜர் ஆனார். இங்கிலாந்தில் மேனேஜர் என்றால் பயண ஏற்பாடு பார்ப்பவர் அல்ல. யார் ஆடுவது, யாரை வாங்குவது, எப்படி ஆடுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர் அவர்தான். பணமில்லாத அந்தக் கிளப்பில் அதற்கு மேலும் செய்ய வேண்டியிருந்தது. கிளஃப் ஊர் மதுக்கூடங்களில் போய் நிதி திரட்டினார். அணியின் பேருந்தைத் தானே ஓட்ட லைசென்ஸும் எடுத்தார்.

அவர் முதலில் அழைத்துக்கொண்டது பீட்டர் டெய்லரை. மிடில்ஸ்பரோவில் டெய்லர் கோல்கீப்பராக இருந்தவர், கிளஃப் ரிசர்வ் அணியில் கிடந்த நாளிலேயே அவர் திறமையைக் கண்டு சொன்னவர். திறமையைத் தேடிப் பிடிப்பது டெய்லர், பிடித்த ஆளிடமிருந்து அதை வெளிக்கொண்டுவருவது கிளஃப் என்று வேலை பிரிந்தது.

ஜான் மெக்கவர்னின் கதையில் இது தெளிவாகத் தெரியும். ஹார்ட்டில்பூல்ஸில் 16 வயதில் ஆடவந்த அந்தப் பையனின் ஓட்டம் கோணலாக இருக்கும், வேகமும் குறைவு. பார்வையாளர்கள் பலருக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் பந்தை வாங்கி, பக்கத்தில் நிற்கும் சகவீரரிடம் பிழையின்றிக் கொடுப்பார். எவ்வளவு முட்டினாலும் பயப்படமாட்டார். கிளஃப் அவரிடம் கேட்டது அவ்வளவுதான். டெர்பி, லீட்ஸ், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்று போன இடமெல்லாம் அவரைக் கூட்டிச்சென்றார்.

1972-இல் டெர்பி இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. 1974-இல் லீட்ஸுக்கு டெய்லர் இல்லாமல் போனபோது நிலைமை தலைகீழானது. முந்தைய மேனேஜரின் கீழ் கோப்பைகள் வென்ற மூத்த வீரர்களை அவர் வந்ததுமே பகைத்துக்கொண்டார். 44 நாளில் வெளியே அனுப்பினார்கள். ஹார்ட்டில்பூல்ஸில் பலித்த அதிகாரக் குரல், ஏற்கெனவே ஜெயித்துப் பழகியவர்களிடம் எடுபடவில்லை.

1975-இல் ஃபாரஸ்டுக்கு வந்தபோது அது இரண்டாம் டிவிஷன் அணி. அடுத்த ஆண்டு டெய்லரும் வந்து சேர்ந்தார். உடல் பெருத்து, கவனிப்பாரற்றுக் கிடந்த ஜான் ராபர்ட்சனை இடது ஓரத்தில் நிறுத்தினார்கள். ஓடி முந்தும் வேலையை அவருக்குக் கொடுக்கவில்லை. பந்தை வாங்கி உள்ளே தூக்கிக் கொடுப்பதே அவர் பங்கு. 1979 மே 30 அன்று மியூனிக்கில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், மால்மோ அணிக்கு எதிராக ராபர்ட்சன் தூக்கிக் கொடுத்த பந்தை ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். மறு ஆண்டு ஹாம்பர்க்கை வென்ற ஒரே கோல் ராபர்ட்சனுடையது. இரண்டு முறையும் கோப்பையைக் கேப்டனாக வாங்கியவர் மெக்கவர்ன்.

1982-இல் டெய்லர் விலகினார். கிளஃப் ஃபாரஸ்டில் மேலும் பதினோரு ஆண்டுகள் இருந்து, 1989-லும் 1990-லும் லீக் கோப்பையை வென்றார். ஐரோப்பியக் கோப்பை மட்டும் அவர் கைக்குத் திரும்பவில்லை.