பருவமழை மீம்களில் ‘சாக்கு’ – தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து

முன்னுரை

மழைக்காலம் தொடங்கியதும் தமிழர்களின் அலைபேசிகளில் மூன்று பொருள்கள் பற்றிய மீம்கள் தவறாமல் வந்துசேர்கின்றன. தெருவில் நிற்கும் தண்ணீர், அறுந்துபோன மின்சாரம், அலுவலகத்திற்குப் போகாமல் இருப்பதற்கான காரணம் என்பனவே அவை. இம்மூன்றும் தனித்தனிப் பொருள்களாகத் தோன்றினாலும், முதலிரண்டும் மூன்றாவதற்குச் சான்றாகவே பெரும்பாலும் பயன்படுகின்றன. இவ்வாறு மழையைக் காட்டிப் பணியிலிருந்து விலக்குக் கேட்கும் பேச்சைச் ‘சாக்கு’ என்னும் வழக்குச் சொல்லால் இக்கட்டுரை குறிக்கிறது. சாக்கு என்பது பொய் அன்று; மெய்யும் அன்று. கேட்பவர் அதனை எந்த அளவிற்குச் சரிபார்க்க முடியும் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது. அந்தச் சரிபார்ப்பு கடினமாகும் இடம் என்பதனால் தருமபுரி மாவட்டம் இங்கு ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகிறது.

விடுமுறையும் வேண்டுகோளும்

மழை மீம்களின் மூல வடிவம் பள்ளி மாணவனின் குரலில் அமைந்தது. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் புயல் எச்சரிக்கைப் பிரிவில் பணியாற்றிய எஸ்.ஆர். ரமணன் 2016 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை, விடுமுறை தருபவராகவே மீம்களில் சித்திரிக்கப்பட்டார். 2015ஆம் ஆண்டின் பெருமழைக் காலத்தில் இது உச்சத்தை அடைந்தது. அவருக்கு விடுமுறை விடும் அதிகாரம் கிடையாது. அவர் மழையை முன்னறிவித்தார். விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவித்தார். அறிவிப்பவரையே அருள்பவராகக் கொள்ளும் இப்பிழை தெரிந்தே செய்யப்பட்டது; நகைச்சுவை அதில்தான் இருந்தது.

பின்னர் அந்த இடம் ஆட்சியருக்குச் சென்றது. மழை விடுமுறை மாவட்டந்தோறும் தனித்தனியே அறிவிக்கப்படுவதனால் மீம்களும் மாவட்டத்தையே அலகாகக் கொண்டன. பக்கத்து மாவட்டத்திற்கு விடுமுறை, நமக்கு இல்லை என்னும் ஏக்கமும், சீருடை அணிந்து கிளம்பிய பிறகு அறிவிப்பு வரும் எரிச்சலும், விட்ட விடுமுறையைச் சனிக்கிழமையில் ஈடுசெய்ய வேண்டிய வருத்தமும் நிலையான கருப்பொருள்களாயின.

அலுவலகப் பணியாளருக்கு இத்தகைய ஆட்சியர் இல்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு 4ஆம் நாள் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களோ இயன்றவரை ஊழியர்களை வீட்டிலிருந்து பணியாற்ற விடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டன. ‘விடப்படுகிறது’ என்பது ஆணை; ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்பது வேண்டுகோள். அலுவலகச் சாக்கு மீம் இவ்விரு வினைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் பிறக்கிறது. ஆணை இல்லாத இடத்தில் பணியாளர் தாமே தமக்கு விடுமுறை அறிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு அவர் பள்ளி மாணவனின் குரலை இரவல் வாங்குகிறார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகிறது. மீம் ஆய்வுகள் பலவும் எள்ளலோடு நின்றுவிடுகின்றன. நகராட்சியையும் மின்வாரியத்தையும் பழிக்கும் மீம்களுக்கு அது பொருந்தும். அலுவலகச் சாக்கு மீமில் மேலோங்கி நிற்பது இளமையே. முப்பது வயதைக் கடந்த ஒருவர் ‘சார், லீவு’ என்று குழந்தையைப் போலக் கேட்பதுதான் சிரிப்பைத் தருகிறது. மேலாளர் ஆட்சியராகவும் பணியாளர் மாணவராகவும் இடம் மாறிக்கொள்ள, அலுவலகம் பள்ளியாகிவிடுகிறது.

சாக்கின் மூன்று படிகள்

இவ்வகை மீமின் அமைப்பை ஒரு மாதிரி வடிவத்தின் வழி விளக்கலாம். மேல்வரியில், ‘மேனேஜர்: இன்னைக்கு ஆபீஸ் வரலையா?’ என்னும் வினா. நடுவில் அப்பாவி முகத்துடன் விழிக்கும் ஒரு திரைப்பட நகைச்சுவை நடிகரின் படம், பெரும்பாலும் வடிவேலு. கீழ்வரியில், ‘நான்: ரோடெல்லாம் தண்ணி சார், கரண்ட் இல்ல, டவரும் இல்ல’ என்னும் விடை. இதற்கு எதிர்வடிவமாக, ‘டவர் இல்லாம இந்த மெசேஜ் எப்படி வந்துச்சு?’ என்று மேலாளர் கேட்பதாக மற்றொன்று உருவாகும்.

விடையில் உள்ள மூன்று காரணங்களும் ஒரே தன்மையன அல்ல. சாலையில் தண்ணீர் நிற்பது எல்லோரும் காணக்கூடியது, செய்தியிலும் வரும், ஒரே ஊரில் இருக்கும் மேலாளரின் கண்ணுக்கும் தப்பாது. மின்தடை அவ்வாறன்று. ஒரு தெருவில் விளக்கு எரியும், அடுத்த தெருவில் எரியாது. தண்ணீர் தேங்கிய பகுதியில் மின்கசிவால் உயிரிழப்பு நேராதிருக்க வாரியமே மின்சாரத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு. எனவே வெளியூரில் இருப்பவரால் இதனை எளிதில் மறுக்க இயலாது. மூன்றாவதான அலைபேசிக் கோபுரம் பற்றிய காரணமோ சொல்லும்போதே தன்னை அழித்துக்கொள்கிறது. சொல்ல முடிந்தால் அது பொய். மெய்யானால் சொல்ல முடியாது. மேலாளரின் எதிர்வடிவம் இந்த மூன்றாம் படியையே குறிவைக்கிறது. ஒன்று போதாதோ என்னும் அச்சத்தில் காரணங்களை அடுக்கி, கடைசிக் காரணத்தால் முன்னிரண்டையும் கெடுத்துக்கொள்ளும் பேதைமை இங்கு நகையாகிறது.

2020இல் வீட்டிலிருந்து பணியாற்றும் முறை பரவியபின் இப்படிகளின் வரிசை மாறியது. வீடே அலுவலகம் ஆனவருக்குச் சாலையில் தண்ணீர் நிற்பது காரணமாகாது. ஆகவே மின்தடை முதலிடத்திற்கு வந்தது. 2021 ஜூனில் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, மின்கம்பிகளில் அணில்கள் ஓடுவதும் மின்தடைக்கு ஒரு காரணம் என்று கூறியதையடுத்து அணில் மீம்களில் நிலையான பாத்திரமாயிற்று. அமைச்சர் சொன்னது பராமரிக்கப்படாத கம்பிகளில் படரும் செடிகொடிகளையும் சேர்த்தே. மீம் அணிலை மட்டும் எடுத்துக்கொண்டது. வாரியத்தின் விளக்கத்தையும் ஒரு சாக்காகவே மக்கள் கேட்டனர் என்பதை இது காட்டுகிறது. பணியாளர் மேலாளரிடம் சொல்வதும் அரசு மக்களிடம் சொல்வதும் ஒரே இலக்கணத்தில் அமைந்துவிட்டன.

தொலைவும் சான்றும்

தருமபுரி வறட்சிக்குப் பெயர்பெற்ற மாவட்டம். ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 85 செ.மீ. அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் பிரிந்து பெய்கிறது. தமிழ் மீம்களின் ‘மழைக்காலம்’ என்பதோ பெரும்பாலும் சென்னையின் அக்டோபர்–டிசம்பர் மழைக்காலமே. ஆதலால் தருமபுரியிலிருந்து நோக்கும்போது மழை மீம் என்பது நெடுங்காலம் பிறர் ஊரின் கதையாகவே இருந்தது.

இம்மாவட்டத்தவருள் ஒரு பகுதியினர்க்குப் பணியிடம் ஓசூரிலோ பெங்களூருவிலோ அமைகிறது. பெங்களூரு, தேசிய நெடுஞ்சாலை 44 வழியே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் உள்ளது. வீட்டின் வானம் வேறு, மேலாளரின் வானம் வேறு. 2022 செப்டம்பரில் பெங்களூருவின் வெளிவட்டச் சாலைப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியபோது, தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் டிராக்டர்களில் ஏறி அலுவலகம் சென்ற படங்கள் நாடெங்கும் பரவின. அப்போது பணியாளர் சாக்குச் சொல்லவே தேவையில்லை. மேலாளரின் வாசலிலேயே தண்ணீர் நின்றது. மாறாக, அரூரிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ மழை கொட்டி, பெங்களூருவில் வெயிலடித்தால், ‘ஊர்ல மழை சார்’ என்பது சான்று வேண்டும் கூற்றாகிவிடுகிறது. சான்று என்பது படம். கையில் படம் இல்லாதவர் பழைய படத்தை அனுப்புகிறார்.

ஆய்வாளர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. வாட்ஸ்அப் வழியே சாதாரணமாக அனுப்பப்படும் படத்தில் எடுத்த நாள், இடம் முதலிய உள்தகவல்கள் நீங்கிவிடுகின்றன. ஆகவே அகச்சான்றுகளையே நாட வேண்டியுள்ளது. வாகனப் பதிவெண் ஒரு நல்ல தடயம். டி.என். 29 தருமபுரியையும் டி.என். 24 கிருஷ்ணகிரியையும் குறிக்கும். ஒரு வண்டி எங்கும் செல்லும் என்பதனால் ஒரு பலகையை வைத்து முடிவுகட்டலாகாது; நிறுத்தப்பட்ட வண்டிகள் பலவும் ஒரே எண்ணைக் கொண்டிருப்பின் நம்பலாம். கடைப் பலகைகளில் உள்ள ஊர்ப்பெயர், சுவரொட்டியில் உள்ள திரைப்படப் பெயர் ஆகியவையும் உதவும். சுவரொட்டி காலத்தைச் சொல்வதுபோல் வேறெதுவும் சொல்வதில்லை. படம் பழையதாயினும் அதன்மேல் எழுதிய வாசகம் புதியதாக இருக்கலாம் என்பதனால், படத்தின் காலத்தையும் மீமின் காலத்தையும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.

2024 டிசம்பர் 2

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வலுவிழந்து மேற்கு நோக்கி நகர்ந்தது. டிசம்பர் 2, திங்கட்கிழமை காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையும், தருமபுரி மாவட்டம் அரூரில் 33 செ.மீ. மழையும் பதிவாயின. 20.4 செ.மீ.க்கு மேற்பட்டதையே வானிலைத் துறை அதிகனமழை என்கிறது. அரூரில் பெய்தது மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல். ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிய, சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்படும் காணொளி எங்கும் பரவியது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை ஊத்தங்கரையும் தருமபுரியைச் சேர்ந்ததே.

பொதுவாகச் சாக்கு மீம்களுக்கு ஏற்ற நாள் திங்கட்கிழமை. அன்று காலை ‘ரோடெல்லாம் தண்ணி சார்’ என்று அரூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தால், சொல்லால் அது முன்பு காட்டிய மீமின் கீழ்வரியே. ஓர் எழுத்துக்கூட மாற வேண்டியதில்லை. இரண்டையும் பிரித்தறிய மேலாளருக்குச் சொல்லில் எந்த அடையாளமும் இல்லை. பல மழைக்காலங்களாக மீம்கள் இவ்வாக்கியத்தைச் சிரிப்பதற்கு உரியதாகப் பழக்கிவிட்டன. உரையாசிரியர்கள் மடன் என்பதற்குப் பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்று பொருள் கூறுவர். மழை என்றாலே சாக்கு என்று பற்றிக்கொண்ட மேலாளர், மெய்யான வெள்ளத்தின் முன் அந்நிலையில் நிற்கிறார். நகைக்கு உரியவர் இப்போது இடம் மாறிவிட்டார். மீம்களைத் தீங்கற்ற பொழுதுபோக்கு என்று மட்டும் கொள்ளும் கருத்தை ஏற்க இயலாமைக்கு இதுவே காரணம்.

மழை மீம்களைத் தொகுப்போர் ஒன்றைக் கருத வேண்டும். மின்சாரமும் கோபுரமும் மெய்யாகவே இல்லாத ஊரிலிருந்து மீம் வராது. விடுப்பு என்னும் சொல்லே பொருந்தாத கூலித் தொழிலாளருக்கு மழைநாள் என்பது கூலியில்லா நாள். அவர் சாக்குச் சொல்வதற்கு மேலாளரும் இல்லை. ஆகவே ஒரு மழைநாளின் தொகுப்பில் ஓர் ஊரிலிருந்து மீம்கள் குறைந்து காணப்பட்டால், அங்கு மழை குறைவு என்று கொள்ளாமல், அந்நாளின் மழைமானிப் பதிவோடும் மின்தடைச் செய்திகளோடும் அதனை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே எண்ணிக்கையைப் பயன்படுத்த வேண்டும்.