ஒலிப்புக் குறிப்பேடு

ஒலிப்புக் குறிப்பேடு என்பது, ஆவணப்படம், வானொலி நிகழ்ச்சி, ஒலிநூல் போன்றவற்றுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவர் ஒரு பனுவலில் உள்ள கலைச்சொற்களையும் அரிய பெயர்களையும் எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்று சொல்லுக்குச் சொல் குறித்துத் தரும் பட்டியல் ஆகும். இது பனுவலுடன் சேர்த்து, ஒலிப்பதிவுக்கு முன்னரே வாசிப்பவரிடம் கொடுக்கப்படுகிறது. குரல் தேர்வின் போதும் இதன் ஒரு பகுதி பயன்படும்.

இக்கட்டுரை தமிழ்ப் பனுவல்களுக்கான குறிப்பேட்டை விளக்குகிறது. பட்டு நெசவுக்கும் வைணவக் கோயில்களுக்கும் பெயர் பெற்ற சின்ன காஞ்சிபுரம் பற்றிய ஒரு வாசிப்புப் பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. விஷ்ணு காஞ்சி எனவும் அழைக்கப்படும் இப்பகுதியில், தமிழ், வடமொழி, பிரெஞ்சு ஆகிய மூன்று மூலங்களிலிருந்து வந்த சொற்கள் ஒரே பத்தியில் வந்துவிடுகின்றன.

## தேவை எழும் காரணம்

தமிழ் எழுத்து முறையில் வல்லின எழுத்து ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகளைக் குறிக்கிறது. "பாம்பு" என்ற சொல்லைத் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். முதல் பகரம் அதிர்வற்றது. மகர மெய்யை அடுத்து வரும் இரண்டாம் பகரத்தில் அதிர்வு தொடர்கிறது. இவ்வாறே "கொங்கு" என்பதில் இரண்டு ககரங்களும், "தந்தை" என்பதில் இரண்டு தகரங்களும் வேறுபடுகின்றன. சகரத்துக்கு மூன்று ஒலிகள் உள்ளன; "சொல்", "அச்சு", "பஞ்சு" ஆகிய சொற்களில் அவற்றைக் கேட்கலாம்.

தமிழ்ச் சொற்களில் இவ்வேறுபாடு எழுத்து வரும் இடத்தைப் பொறுத்துத் தானாகவே அமைகிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் போதும் அதிர்வு இல்லை. மெல்லின மெய்க்குப் பின்னும் உயிர்களுக்கு இடையிலும் அதிர்வோ மெலிவோ உண்டு. ஆகவே தமிழறிந்தவருக்குத் தனிக் குறிப்பு தேவைப்படுவதில்லை. பிற மொழிப் பெயர்களில் இவ்விதி பொருந்தாது. அங்கு எழுத்தைப் பார்த்து மட்டும் ஒலியை அறிய இயலாது.

## ஊர்ப் பெயரே முதல் எடுத்துக்காட்டு

காஞ்சிபுரம் என்ற பெயரில் ஞகர மெய்க்குப் பின் சகரம் வருகிறது. எனவே தமிழ் வழக்கில் அது "பஞ்சு" என்பதில் உள்ள சகரம் போல அதிர்வுடன் ஒலிக்கிறது. வடமொழியில் இதே பெயரின் சகரம் "அச்சு" என்பதில் உள்ளது போல அதிர்வின்றி ஒலிக்கிறது. இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் சகரத்துக்கு சி, எச் என்னும் எழுத்துகளை இட்டு வடமொழி ஒலிப்பையே பின்பற்றுகிறது. ஆங்கிலேயர் முன்னர் எழுதிய "கான்ஜீவரம்" என்ற வடிவமோ, உள்ளூரில் காதால் கேட்ட ஒலிக்கு நெருக்கமானது.

இதனால், பனுவலை உரோமன் எழுத்தில் வைத்து வாசிக்கும் ஒருவர், தமிழ் நிகழ்ச்சியிலும் அதிர்வற்ற சகரத்தையே ஒலிக்க நேரிடுகிறது. கேட்பவர் உள்ளூர்க்காரராயின் முதல் வரியிலேயே வாசிப்பவர் வெளியூர்க்காரர் என்று அறிந்துவிடுவார். குறிப்பேட்டின் முதல் விதி இதிலிருந்து பெறப்படுகிறது: தமிழ் வாசிப்புக்கான குறிப்பு தமிழ் எழுத்திலேயே இருத்தல் வேண்டும்.

## குறிக்கும் முறைகள்

தமிழ் எழுத்துக்குள் நின்றே ஒலியைக் குறிக்க இரண்டு வழிகள் உள்ளன.

எண் குறி முறை: வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும் நூல்களில் வல்லின எழுத்தின் அருகே 2, 3, 4 ஆகிய எண்கள் சிறிதாக இடப்படுகின்றன. எண் இல்லாவிடில் அதிர்வற்ற ஒலி. 2 எனில் அதனுடன் மூச்சொலி. 3 எனில் அதிர்வுள்ள ஒலி. 4 எனில் அதிர்வுடன் மூச்சொலி. பழகியவருக்கு இது மிகத் துல்லியமானது. பழகாதவர் எண்ணையும் சேர்த்து வாசிக்கத் தடுமாறுவர்.

திறவுச்சொல் முறை: எல்லோருக்கும் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்லைச் சுட்டி, "பாம்பு என்பதன் இரண்டாம் பகரம் போல" என்று எழுதுவது. இது நீளமானது, ஆனால் எவரும் உடனே பின்பற்றலாம். மூச்சொலிகளை இம்முறையால் குறிக்க இயலாது.

அனைத்துலக ஒலிப்பியல் அரிச்சுவடி இவ்விரண்டையும் விட நுட்பமானது. எனினும் அதைப் பயிலாத வாசிப்பாளருக்கு அதனால் பயனில்லை.

## ஒரு பத்தியும் அதன் குறிப்புகளும்

கீழ்வரும் பத்தி வாசிப்புக்குக் கொடுக்கப்பட்டதாகக் கொள்வோம்.

"சின்ன காஞ்சிபுரத்தில் திருவெஃகா என்னும் தலம் உள்ளது. அங்குள்ள பெருமாளுக்கு யதோக்தகாரி என்பது வடமொழிப் பெயர். அஷ்டபுஜப் பெருமாள் கோயிலும் இப்பகுதியில் உள்ளது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திவரதர் 1979-இலும் 2019-இலும் குளத்திலிருந்து வெளியே எழுந்தருளினார். இவ்வூர்த் தறிகளில் ஜக்கார்டு கருவி பொருத்தப்பட்டுள்ளது. ஊடை நூலும் சரிகையும் பாவின் குறுக்கே செல்கின்றன."

| சொல் | குறிப்பு |
|---|---|
| திருவெஃகா | திரு-வெஃ-கா. "எஃகு" என்பதில் உள்ள ஆய்தம். |
| யதோக்தகாரி | யதோக்த-காரி. "காரி" தனிச்சொல் போல. ககரம் "கொங்கு" என்பதன் முதல் ககரம். |
| அஷ்டபுஜ | அஷ்ட-புஜ. பகரம் "பாம்பு" என்பதன் இரண்டாம் பகரம். |
| 1979-இலும் | ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதிலும் |
| 2019-இலும் | இரண்டாயிரத்துப் பத்தொன்பதிலும் |
| ஜக்கார்டு | கருவியின் பெயர். நெசவாளர் வழக்கைக் கேட்டு எழுதுக. |
| ஊடை | ஊ நெடில். "உடை" அன்று. |
| சரிகை | "சொல்" என்பதன் சகரம். பனுவல் முழுதும் ஒரே வடிவம். |

திருவெஃகா என்பதில் இடர் ஆய்த எழுத்தால் வருகிறது. இன்று ஆய்தம் பெரும்பாலும் பகரத்துக்கு முன் நின்று, "ஃபிரான்சு" என்பதில் உள்ளது போன்ற அயல் ஒலியைக் குறிக்கப் பயன்படுகிறது. அதற்குப் பழகிய கண் இங்கும் அதையே தேடும், அல்லது ஆய்தத்தை விட்டுவிட்டுத் "திருவெகா" என்று படித்துவிடும். இலக்கணப்படி ஆய்தம் அரை மாத்திரை அளவு ஒலிப்பது. தொண்டையில் எழும் குறுகிய மூச்சொலியாகக் கேட்பது.

காஞ்சிபுரம், அஷ்டபுஜ ஆகிய இரண்டிலும் "பு" என்ற ஒரே எழுத்து சொல்லின் நடுவில் வருகிறது. முன்னதில் "புரம்" அதிர்வற்ற ஒலியைத் தக்கவைக்கிறது. பின்னதில் "புஜம்" என்பதன் மூல ஒலி அதிர்வும் மூச்சும் உடையது. எண் குறி முறையில் இது "பு⁴ஜ" என எழுதப்படும். எழுத்து ஒன்றாயிருப்பதால் குறிப்பின்றி இவ்வேறுபாட்டை அறிய வழியில்லை.

யதோக்தகாரி என்பதில், சொல் பிரியும் இடம் தெரியாதவர் ககரத்தை நடுச்சொல் எழுத்தாகக் கருதி மெலிவாக ஒலிப்பர். "சொன்னவண்ணம் செய்தவர்" என்ற பொருளை அறிந்தால், "காரி" என்பது செய்பவரைக் குறிக்கும் தனிப்பகுதி என்பது விளங்கும். ஆகவே நீண்ட பெயர்களுக்குப் பொருளையும் ஒரு வரியில் தருவது பயனுடையது.

ஜக்கார்டு என்பது 1804-ஆம் ஆண்டில் துளை அட்டைகளால் இயங்கும் நெசவுக் கருவியை அமைத்த பிரெஞ்சு நாட்டவரான ஜோசப் மரீ ஜக்கார்டின் பெயரிலிருந்து வந்தது. பிரெஞ்சு மொழியில் இப்பெயரின் இறுதி டகரம் ஒலிப்பதில்லை. மனிதரைப் பற்றிய பத்தியில் "ஜக்கார்" என்பதற்கு நெருக்கமாகவும், தறியைப் பற்றிய பத்தியில் நெசவாளர் சொல்லும் விதமாகவும் வாசிப்பதே பொருந்தும். இவ்விரண்டும் ஒரே பனுவலில் வருமாயின், எந்தப் பக்கத்தில் எது என்று குறிப்பேடு சொல்ல வேண்டும். இல்லாவிடில் கேட்பவர் இரண்டும் வெவ்வேறு பெயர்கள் என்று கருதுவர்.

ஊடை என்பது குறுக்கே செல்லும் நூல். இது "உடை" என்று ஒலித்தால் வாக்கியம் பிழையின்றித் தோன்றும். பொருள் மட்டும் மாறிவிடும். இத்தகைய பிழை ஒலிப்பதிவு அறையில் உள்ளவர்களுக்குத் தெரியாது என்பதால், அரிய பெயர்களைப் போலவே எளிதாகத் தோன்றும் தொழிற்சொற்களும் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

## குரல் தேர்வில் பயன்பாடு

குரல் தேர்வுக்கு மேற்கண்டது போன்ற ஒரு பத்தியை இருமுறை வாசிக்கச் செய்யலாம். முதல்முறை குறிப்பேடு இன்றியும், பின்னர் அதைப் படிக்கச் சில நிமிடங்கள் கொடுத்தும் வாசிக்கச் செய்ய வேண்டும். முதல் வாசிப்பில் லகர, ளகர, ழகர வேறுபாடும் குறில், நெடில் அளவும் தெரியும். இவை பழக்கத்தால் அமைபவை. ஒலிப்பதிவு நாளில் திருத்த இயலாதவை. அரிய பெயர்களில் செய்யும் பிழை முதல் வாசிப்பில் குறையாகாது.

இரண்டாம் வாசிப்பில் பார்க்க வேண்டியது, குறிப்பைப் பின்பற்றும் திறன். ஒரே பெயரைப் பத்தியில் மூன்று இடங்களில் வைத்தால், மூன்று முறையும் ஒரேவிதமாக வருகிறதா என்பது தெரியும். அரிய பெயருக்கு முன் குரல் தயங்குவதும், அப்பெயரை மட்டும் அழுத்திச் சொல்வதும், அச்சொல் இன்னும் வாசிப்பவருடையதாகவில்லை என்பதன் அறிகுறிகள்.

## ஒலிப்பதிவின் போதும் பின்னரும்

பிழை பின்னர் தெரியவந்தால் அச்சொல்லை மட்டும் மீண்டும் பதிந்து ஒட்டுவது எளிதெனத் தோன்றும். ஆனால் ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தொலைவு, அறையின் எதிரொலி, அன்றைய குரலின் தன்மை ஆகியவை மாறியிருக்கும். ஒட்டிய இடம் காதுக்குத் தெரியும். எனவே மாற்றும் போது முழு வாக்கியத்தையும், இயன்றால் அதற்கு முந்தைய வாக்கியத்துடன் சேர்த்து மீண்டும் பதிவது வழக்கம்.

பட்டியலில் இல்லாத சொல் எதிர்ப்பட்டால், வாசிப்பவர் ஊகிக்காமல் நிறுத்திக் கேட்க வேண்டும். முடிவு செய்த ஒலிப்பை அப்போதே குறிப்பேட்டில் சேர்த்துவிட்டால், மறுநாள் அதே சொல் வேறுவிதமாக வருவது தவிர்க்கப்படும்.

## வரம்புகள்

எல்லாப் பெயருக்கும் ஒரே சரியான ஒலிப்பு இருப்பதில்லை. ஒரு கோயில் பெயரை வடமொழி பயின்றவர் மூச்சொலிகளுடன் சொல்வார். அதே தெருவில் வாழும் நெசவாளர் தமிழ் ஒலியியல்புக்கு ஏற்பச் சொல்வார். இரண்டும் வழக்கில் உள்ளவை. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி, இத்தகைய சிக்கல்களுக்காக 1926-ஆம் ஆண்டிலேயே பேச்சு ஆங்கிலத்துக்கான ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது.

குறிப்பேட்டை எழுதுபவர் செய்யக்கூடியது, யாருடைய வழக்கைப் பின்பற்றுகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதைப் பட்டியலின் தலைப்பில் எழுதி, பனுவல் முழுதும் மாறாமல் காப்பதாகும். எழுத்துக் குறிப்பு எவ்வளவு விரிவாக இருப்பினும், சொல் மேலோடும் இசையையும் அசை நீளத்தையும் அது முழுமையாகத் தராது. ஆகவே அச்சொல்லை நாள்தோறும் வழங்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் அதனை இயல்பான வாக்கியத்தில் வைத்துச் சொல்லும் சிறு ஒலிப்பதிவு, பட்டியலுடன் இணைத்துத் தரப்பட வேண்டும். தனியே அச்சொல்லை மட்டும் சொல்லச் சொன்னால் பலரும் எழுத்தை நினைத்துக்கொண்டு திருத்தமாக ஒலிப்பர் என்பதால், அப்பதிவு வாக்கியமாக இருப்பது இன்றியமையாதது.