பற்று நோட்டில் ஒரு கோடு

மளிகைக் கடைக்காரர் மகள் பற்று நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடைக்காரர் பாக்கி 350 ரூபாய். கொடுத்துவிட்டுப் போனதோ 500.

“அப்பா, 350-ல 500 எப்படிப் போகும்?”

“மிச்சம் 150 நாமதாம்மா அவருக்குத் தரணும்.”

யார் யாருக்குத் தர வேண்டும் என்பது குழம்பாதிருக்க, எண்ணுக்கு முன்னால் கோடு போட்டாள்: −150. மறுநாள் அவர் 200 ரூபாய்க்குச் சர்க்கரை வாங்கினார். கூட்டிப் பார்த்தாள், பாக்கி 50. கணக்கு உதைக்கவில்லை.

கி.பி. 628-இல் பிரம்மகுப்தரும் இப்படித்தான் எண்களைத் தனம், ருணம் (கடன்) என்று பிரித்து விதி எழுதினார். பூஜ்யத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம் என்றார். அந்த 150-ஐ டீக்கடைக்காரர் வேண்டாமென்றால் கடைக்கு 150 லாபம்தானே! ஆனால் கடனைக் கடனால் பெருக்கினால் தனம் என்ற அவர் விதிக்கு மட்டும் பற்று நோட்டில் உதாரணம் தேடிப் பயனில்லை.