அரை டிக்கெட்டுக்குப் பெர்த் கிடையாது

வண்டி செங்கல்பட்டைத் தாண்டியதும் டி.டி.ஆர். வந்தார். எழும்பூரில் கிளம்பித் திருநெல்வேலி போகும் இரவு வண்டி, ஸ்லீப்பர் பெட்டி. கணவன், மனைவி, பாட்டி, மூன்றாம் வகுப்பை முடித்த ஒன்பது வயதுப் பேத்தி. எதிரே காலியாகக் கிடந்த லோயர் பெர்த்தில் போர்வை விரித்து, பாட்டி பேத்தியைப் படுக்க வைத்துவிட்டார்.

"பாப்பாவை எழுப்புங்கம்மா. விழுப்புரத்துல ஏறுறவரோட பெர்த் இது."

"பிள்ளைக்கும் டிக்கெட் எடுத்திருக்கோமே சார்?"

"எடுத்திருக்கீங்க. ஆனா அரை டிக்கெட். அதுக்குப் பெர்த் கிடையாது."

மகன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். மூன்று பெயர்களுக்கு எதிரே பெட்டி எண்ணும் பெர்த் எண்ணும் இருந்தன. நான்காவது பெயருக்கு எதிரே NOSB என்ற நான்கே எழுத்துகள். இருக்கையும் இல்லை, படுக்கையும் இல்லை என்பதன் சுருக்கம் அது. பணம் கட்டிய நேரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பாட்டியின் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் தன் பிள்ளைகளை ரயிலில் அழைத்துப்போன காலத்தில் அரை டிக்கெட்டுக்கு முழுப் பெர்த் கிடைத்தது. ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டை எட்டாத குழந்தைக்குப் பாதிக் கட்டணம்தான்; படுக்கையோ பெரியவர்களுக்குக் கிடைப்பது போலத் தனியாகவே கிடைக்கும். 2016 ஏப்ரல் 21 முதல் செய்யும் பயணங்களுக்கு ரயில்வே இதை மாற்றியது. குழந்தை படுத்தாலும் பெரியவர் படுத்தாலும் ஒரு பெர்த் நிரம்பிவிடுகிறது, பாதிப் பணத்துக்கு அதைக் கொடுப்பானேன் என்பதுதான் மாற்றத்தின் பின்னால் இருந்த கணக்கு. அதற்குப் பிறகு அரை டிக்கெட் என்பது குழந்தை வண்டியில் ஏறி வருவதற்கான கட்டணம் மட்டுமே. படுக்கை வேண்டுமென்றால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம்.

இப்போதுள்ள விதியை மூன்று வயது வரம்புகளாகப் பார்த்தால் குழப்பம் தீரும்.

ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட்டே தேவையில்லை. அம்மாவின் மடியிலோ அவர் படுக்கையிலோ வரலாம். குழந்தைக்கென்று தனிப் படுக்கை கேட்டால் மட்டும் முழுக் கட்டணம் உண்டு. இந்த வயதுக்குப் பாதி என்ற பேச்சே இல்லை. ஐந்து நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் கட்டாயம். படுக்கை வேண்டாம் என்றால் பாதி, வேண்டும் என்றால் முழுக் கட்டணம். பன்னிரண்டு நிறைந்துவிட்டால் ரயில்வேயின் கணக்கில் அவர் பெரியவர்.

இதில் 'பாதி' என்பதும் சரிபாதி அல்ல. கணக்குக்கு எளிதாக, ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய், முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்பாஸ்ட் போன்ற மற்றக் கட்டணங்களை விட்டுவிடுவோம். பெரியவருக்கு 420 ரூபாய். குழந்தைக்கு அடிப்படைக் கட்டணம்தான் பாதியாகிறது, முன்பதிவுக் கட்டணம் அப்படியே நிற்கிறது. ஆகவே 210 அல்ல, 220 ரூபாய். நம் திருநெல்வேலிக் குடும்பம் மூன்று பெரியவர்களுக்கு 1,260, பேத்திக்கு 220, மொத்தம் 1,480 ரூபாய் கட்டியிருக்கும். பேத்திக்குப் பெர்த் எடுத்திருந்தால் 1,680 ரூபாய். நால்வருக்கு மூன்று பெர்த்தா, நான்கு பெர்த்தா என்பதன் விலை இங்கே 200 ரூபாய்.

தூரம் குறைவாக இருந்தால் இன்னொரு நெளிவும் உண்டு. ஸ்லீப்பரில் நீங்கள் எவ்வளவு குறைவான தூரம் போனாலும் 200 கிலோமீட்டருக்கான கட்டணத்துக்குக் குறையாது, மூன்றடுக்கு ஏ.சி.யில் இது 300 கிலோமீட்டர். குழந்தையின் பாதியும் அந்தக் குறைந்தபட்சக் கட்டணத்தில்தான் கணக்கிடப்படும்.

எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்தும் விதி மாறுகிறது. பாதிக் கட்டணத்தில் பெர்த் இல்லாமல் வரும் வசதி, படுக்கை உள்ள வகுப்புகளுக்குத்தான். ஏ.சி. சேர் கார், எக்ஸிகியூட்டிவ் சேர் கார், முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு இருக்கை ஆகியவற்றில் அது கிடையாது. படுக்கையில் ஒரு குழந்தையை ஒட்டிப் படுக்க வைத்துக்கொள்ளலாம். ஒரே நாற்காலியில் ஒன்பது வயதுப் பிள்ளையோடு ஏழெட்டு மணி நேரம் உட்கார முடியாது. அதனால் பகலில் ஓடும் வைகையில் முன்பதிவு செய்தாலும் சரி, வந்தே பாரத்தின் சேர் காரில் போனாலும் சரி, ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்கு முழுக் கட்டணம், தனி இருக்கை. முன்பதிவில்லாப் பெட்டியில் மட்டும் பழைய அரை டிக்கெட் அப்படியே இருக்கிறது. அங்கே இடம் என்பது யாருக்குமே உறுதியில்லை.

தவறுகள் பெரும்பாலும் முன்பதிவுப் பக்கத்தில்தான் நடக்கின்றன. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பயணியின் வயதை ஐந்து முதல் பதினொன்றுக்குள் கொடுத்தால், குழந்தைக்குப் பெர்த் வேண்டுமா என்று ஒரு தெரிவு வரும். அவசரத்தில் அதைப் படிக்காமல் தாண்டுவோம். விளைவு, விழுப்புரத்தில் தெரியும்.

நான்கு வயதுக் குழந்தை விஷயத்தில் தவறு நேர் எதிராக நடக்கிறது. கைக்குழந்தைகளைச் சேர்க்கத் தனி இடம் உண்டு. அங்கே பெயரைக் கொடுத்தால் கட்டணம் கிடையாது. அதைக் கவனிக்காமல் மற்றப் பயணிகளின் வரிசையிலேயே குழந்தையின் பெயரையும் போட்டுவிட்டால், பெர்த் கேட்டதாக எடுத்துக்கொண்டு முழுக் கட்டணம் வாங்கிவிடும். 2022 ஆகஸ்டில் 'ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் இனி முழு டிக்கெட்' என்று செய்தி பரவியபோது ரயில்வே மறுத்தது. விதி மாறவில்லை, பெர்த் வேண்டுகிறவர்கள் விரும்பினால் எடுக்கலாம் என்பதுதான் ஏற்பாடு என்று விளக்கியது. ஆகவே பணம் கட்டும் முன் மொத்தத் தொகையைத் தலைகளின் எண்ணிக்கையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட ஒரு முழு டிக்கெட் அதிகமாக இருந்தால், கைக்குழந்தை தவறான வரிசையில் இருக்கிறது என்று பொருள்.

வயதைப் பயண நாளை வைத்துக் கணக்கிடுங்கள், டிக்கெட் எடுக்கும் நாளை வைத்து அல்ல. இப்போது 60 நாள் முன்னதாகவே முன்பதிவு செய்யலாம் என்பதால், இடையில் பிறந்தநாள் வந்துவிடும் பிள்ளைகள் உண்டு. இன்று நான்கு வயது, வண்டியேறும்போது ஐந்து என்றால் டிக்கெட் வேண்டும். டிக்கெட் இல்லாத ஐந்து வயதுப் பிள்ளை, விதிப்படி டிக்கெட் இல்லாத பயணி. கட்டணத்தோடு, அதே அளவுக்குக் கூடுதல் தொகையும் வாங்குவார்கள்; கூடுதல் தொகை 250 ரூபாய்க்குக் குறையாது. வளர்த்தியான பிள்ளை என்றால் ஆதார் அல்லது பிறப்புச் சான்றிதழின் படம் கைப்பேசியில் இருப்பது நல்லது. "இவ்வளவு உயரமா இருக்கானே, பன்னிரண்டு ஆகலையா?" என்று கேட்டால் வாயால் சொல்லும் பதில் போதாது.

சரி, எப்போது பெர்த் எடுப்பது, எப்போது விடுவது? ஸ்லீப்பர் பெர்த் இரண்டடி அகலம்கூடத் தாராளமாக இருக்காது. ஆறு வயதுக் குழந்தை தாயோடு ஒட்டிப் படுத்து ஓர் இரவைக் கடத்திவிடும். ஒன்பது வயதுப் பிள்ளையோடு அது முடியாது. இருவரில் ஒருவர் விளிம்பில்தான் கிடப்பார். அந்த இணைப் பெர்த் அப்பராகவோ மிடிலாகவோ அமைந்துவிட்டால், தூக்கத்தில் புரளும் பிள்ளையை அங்கே பக்கத்தில் வைத்துக்கொள்வது ஆபத்தும்கூட.

இதைவிடச் சிக்கல் ஆர்.ஏ.சி.யில் வரும். ஆர்.ஏ.சி. என்றால் ஒரு சைடு லோயரில் இரண்டு பேர் உட்கார்ந்து வர வேண்டும். அந்த இரண்டு பேரும் கணவன் மனைவியாக இருந்து, NOSB பிள்ளையும் உடன் வந்தால், ஒரே பெர்த்தில் மூன்று பேர். பக்கத்தில் இருப்பவர் யாரோ என்றால், பாதி இடத்தில் நீங்களும் பிள்ளையும். வண்டியில் பெர்த் காலியானாலும் அது முதலில் ஆர்.ஏ.சி.காரர்களுக்குத்தான் போகும்; அரை டிக்கெட் பிள்ளைக்கு அதில் முறை கிடையாது. 'ஏறிய பிறகு டி.டி.ஆரிடம் கேட்டுக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கை விடுமுறைக் கூட்டத்தில் பலிக்காது. நெரிசலான நாளில், டிக்கெட் ஆர்.ஏ.சி.யில்தான் கிடைக்கும் நிலை தெரிந்தால், அரை டிக்கெட்டால் மிச்சமாகும் பணத்தை நம்பி இறங்காதீர்கள்.

பெர்த் எடுத்தால் பிள்ளையின் பெயரையும் பெரியவர்களின் டிக்கெட்டிலேயே சேருங்கள். தனியாக எடுத்தால் வேறு பெட்டியில் இடம் விழ வாய்ப்புண்டு. ஒரே டிக்கெட் என்றால், யாருக்கு எந்த எண் வந்தாலும் வீட்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

குடும்பங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு 2023-ல் ரயில்வேயின் கணினி அமைப்பான கிரிஸ் தந்த பதிலின்படி, புதிய விதி வந்த ஏழாண்டுகளில் சுமார் 3.6 கோடிக் குழந்தைகள் பெர்த் இல்லாமல் பாதிக் கட்டணத்தில் போனார்கள். 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு முழுக் கட்டணம் கட்டிப் பெர்த் எடுக்கப்பட்டது.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மூன்றாவது வழி ஒன்றையும் ரயில்வே முயன்று பார்த்தது. 2022 மே மாதம், அன்னையர் தினத்தையொட்டி, லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில் லோயர் பெர்த்தோடு ஒட்டிய குட்டிப் படுக்கைகளைப் பொருத்தினார்கள். விழாதபடி தடுப்பு, தேவையில்லாதபோது மடித்துக் கீழே தள்ளும் வசதி எல்லாம் இருந்தன. சோதனையாகச் செய்தது அது. நம் வண்டிகளில் இன்றும் அம்மாவின் கைதான் தடுப்பு.

விழுப்புரத்தில் லோயர் பெர்த்காரர் ஏறினார். பேத்தி பாட்டியின் பெர்த்துக்கு மாறினாள். பாட்டி காலை மடக்கி, ஜன்னல் ஓரம் சாய்ந்தபடியே மதுரை வரை வந்தார். திரும்பி வரும் டிக்கெட்டை ஊரிலிருந்தே மகன் எடுத்தார். இந்த முறை பெர்த் கேள்வி வந்ததும் நிறுத்தி, அம்மாவைப் பார்த்தார்.

"எடுத்துருப்பா," என்றார் பாட்டி. "என் இடுப்பு இன்னும் சரியாகலை."