காய்ச்சிய பாலில் தயிர் உறையும், பனீர் திரளும். சீஸ் மட்டும் ஏன் கட்டியாவதில்லை?

பால் சேகரிப்பவர் காலையில் மட்டும் வரும் ஊர்களில் மாலைப் பால் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் அது விடியும் வரை தாங்காது. போரில் மந்தைகளை இழந்து, இப்போது ஒன்றிரண்டு மாடுகளோடு மீண்டும் தொடங்கியிருக்கும் வன்னிக் குடும்பங்களுக்கு நான்கு லீற்றர் பால் கெடுவது சிறிய நட்டமல்ல. அந்தப் பாலைத் தயிராக்கலாம், பனீராக்கலாம், மென்மையான சீஸாகவும் ஆக்கலாம். மூன்றிலும் பால் கட்டியாகிறது என்றாலும், கட்டியாகும் விதம் வேறு வேறு.

பாலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. உருண்டைகளின் மேற்பரப்பில் மெல்லிய மயிர் போன்ற இழைகளும் மின்னேற்றமும் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. அந்தத் தள்ளுதலை இல்லாமற் செய்தால் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும்.

தயிரில் அதைச் செய்வது பக்டீரியா. காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட ஒரு லீற்றர் பாலில் ஒரு தேக்கரண்டி உறைமோர் விட்டால், பக்டீரியா பாலிலுள்ள சீனியை மெல்ல மெல்ல அமிலமாக்கும். ஆறு, எட்டு மணித்தியாலத்தில் உருண்டைகள் மின்னேற்றத்தை இழந்து வலைபோலப் பின்னிக்கொள்ளும். அமிலம் மெதுவாக ஊறுவதாலும் யாரும் பாத்திரத்தை அசைக்காததாலும் நீர் முழுவதும் அந்த வலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஒரு லீற்றர் பாலில் ஏறத்தாழ ஒரு லீற்றர் தயிர் கிடைக்கும். எருமைத் தயிரை மண்சட்டியில் உறையவிடும்போது சட்டி கொஞ்ச நீரை உறிஞ்சுவதால் அது இன்னும் இறுகுகிறது.

பனீரிலும் வேலை செய்வது அமிலந்தான். ஆனால் அது கொதித்த பாலில் ஒரேயடியாக விழுகிறது. பாலைக் கொதிக்கவைத்து இறக்கி, சில நிமிடம் பொறுத்து, ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றைச் சிறிது நீர் கலந்து, சிறிது சிறிதாக விட்டு மெதுவாகக் கிளற வேண்டும். அந்தச் சூட்டில் கேசீன் சட்டெனச் சுருங்கி நீரை வெளியே தள்ளும். பிரியும் நீர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்தால் போதும். வெள்ளையாகக் கலங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் சாறு வேண்டும். அதற்கு மேலும் விட்டால் பனீர் புளித்து உதிரும். துணியில் வடித்துப் பாரம் வைத்தால் ஒரு லீற்றர் பசும்பாலில் 150 முதல் 200 கிராம் வரை கிடைக்கும்.

மென்மையான சீஸின் வழி வேறு. இங்கே பாலைக் கட்டியாக்குவது ரெனற் என்னும் நொதியம். அது உருண்டைகளின் மேலுள்ள இழைகளை மழித்துவிடுகிறது. பால் பெரிதாகப் புளிக்காமலே, 32 பாகை செல்சியஸ் அளவு இளஞ்சூட்டில், முக்கால் மணித்தியாலத்துக்குள் கட்டியாகும். கத்தியைச் செருகி மெல்ல உயர்த்தும்போது வெட்டு நேராகப் பிளந்து, பிளவில் தெளிந்த நீர் ஊறினால் பதம் சரி. பிறகு பெரிய துண்டுகளாக வெட்டி அச்சில் இடுவார்கள். பாரம் வைக்காததால் நீர் தானாக வடிந்து, சீஸ் மென்மையாகவே இருக்கும். சூடாக்கினால் சில சீஸ் உருகுவதும் பனீர் உருகாததும் இந்த வேறுபாட்டால்தான். ரெனற்றால் கட்டியானதில் கல்சியம் பெரும்பாலும் தங்கியிருக்கிறது, அந்தப் பிணைப்பு சூட்டில் இளகும். கொதியும் அமிலமும் சேர்ந்து கட்டிய பனீர் இளகாது.

பால் என்றால் முதலில் பொங்கக் காய்ச்சுவது நமது பழக்கம். தயிருக்கு அது நல்லது. கொதியில் பாலின் மற்றப் புரதங்கள் கேசீன் உருண்டைகளின் மேல் ஒட்டி, நீரை இன்னும் இறுகப் பிடிக்கும். பனீரில் அவையும் சேர்ந்து திரள்வதால் எடை கூடும். சீஸுக்கோ அதுவே கேடு. ஒட்டிய புரதங்கள் ரெனற்றின் வேலையை மறிப்பதால் பால் கூழாகவே நிற்கும், எவ்வளவு ரெனற் விட்டாலும் ஒழுங்காகக் கட்டியாகாது. கடைகளில் விற்கும் நீண்டநாள் பாற்பெட்டிகளிலும் இதே சிக்கல்.

அதற்காகப் பச்சைப் பாலில் சீஸ் செய்யவும் கூடாது. மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா போன்ற கிருமிகள் அதில் தப்பிவிடும். பாலை 63 பாகையில் 30 நிமிடம் வைத்து ஆறவிட்டால் கிருமி சாகும், ரெனற்றும் வேலை செய்யும். வெப்பமானி இல்லாத வீட்டில் பனீரே பாதுகாப்பான தெரிவு.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து பக்டீரியாவைக் கொன்றுவிடுவதால் தயிர் உறையாமற் போகலாம். தேசிக்காய் விட்டால் அதே பால் திரளும், ஆனால் மருந்து போய்விடாது. மிருக வைத்தியர் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பாலில் எதுவும் செய்யக்கூடாது.

மரக்கறி உணவு மட்டும் உண்பவர்கள் சீஸ் வாங்கும்போது உறையைப் பார்க்க வேண்டும். ரெனற் முதலில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. பூஞ்சையிலிருந்து எடுக்கும் ரெனற்றும் இப்போது உண்டு. எலுமிச்சையோ தேசிக்காயோ விட்டுத் திரட்டிய பனீரில் அந்தக் கேள்வியே இல்லை.